புள்ளிக்கட்டம்: சங்கிலியை எண்ணுவது எப்படி?

"அண்ணே, தடைக்காலத்துல படகு கட்டிக் கிடக்குறப்ப அக்கா மகளோட புள்ளிக்கட்டம் ஆடுறேன். போடுறதுக்குக் கோடே இல்லங்கற நிலைமை வந்தா எப்பவும் நான்தான் முதல்ல திறந்துவிட வேண்டியதாகுது. கிடைக்குற கட்டத்தை ஒண்ணு விடாம எடுத்தும் தோத்துப்போறேன். சங்கிலிய எண்ணணும்னு சொல்றாங்களே, எதை எண்ணணும், எண்ணி என்ன செய்யணும்?" (தங்கச்சிமடத்திலிருந்து)

தம்பி, நீங்கள் தோற்பதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: "ஒண்ணு விடாம எடுத்தும்" என்கிறீர்களே, அதுதான். இந்த ஆட்டத்தில் கடைசி இரண்டு கட்டத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார். திறந்துவிடும் முறை உங்களுக்கே வந்து சேர்வதும் தற்செயல் இல்லை. அதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் எல்வின் பெர்லெகாம்ப் (1940–2019) இந்த ஆட்டத்தை ஆழமாக ஆராய்ந்து அந்தக் கணக்கை விளக்கினார். நீண்ட சங்கிலி விதி என்பது அதுதான்.

முதலில் சங்கிலி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு கட்டத்துக்கு இரண்டு பக்கம் கோடு விழுந்துவிட்டால் மூன்றாவது கோடு போடுபவர் அந்தக் கட்டத்தை எதிராளிக்குத் தாரை வார்க்கிறார். அப்படி இரண்டு பக்கம் அடைபட்ட கட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் திறந்த பக்கங்களால் இணைந்து நிற்பதுதான் சங்கிலி. வீட்டில் வாசலைத் திறந்தால் அறை அறையாக உள்ளே போவதுபோல, ஒரு முனையில் கோடு விழுந்தால் எதிராளி வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ உள்ளது குட்டிச் சங்கிலி. மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் நீண்ட சங்கிலி. நாம் எண்ணப்போவது நீண்ட சங்கிலிகளை மட்டும்தான். ஒரு சங்கிலியில் எத்தனை கட்டம் என்பது இப்போதைக்கு வேண்டாம், எத்தனை சங்கிலி என்பதுதான் கணக்கு.

விதி இவ்வளவுதான்: பலகையில் உள்ள மொத்தப் புள்ளிகளையும் கடைசியில் உருவாகும் நீண்ட சங்கிலிகளின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையானால் ஆட்டத்தைத் தொடங்கியவருக்குச் சாதகம். ஒற்றைப்படையானால் இரண்டாவதாகக் கோடு போட்டவருக்குச் சாதகம். சாதகம் என்றால், முதல் நீண்ட சங்கிலியைத் திறக்கும் கட்டாயம் மற்றவர் தலையில் விழும் என்று பொருள்.

சொல்லி விளங்குவதைவிட ஆடிப் பார்த்தால் விளங்கும். பெரிய பலகை வேண்டாம். வரிசைக்கு நான்காக 16 புள்ளி, 9 கட்டம். வலைக்கூடத்தில் பழைய அட்டையைக் கிழித்துப் போட்டு ஆடுகிறீர்களோ, மணலில் விரலால் கிழித்து ஆடுகிறீர்களோ, கீழே இருப்பதை அப்படியே வரைந்துகொள்ளுங்கள். கட்டங்களுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுத்திருக்கிறேன்.

```
+---+---+---+
  1   2   3
+---+---+---+
  4   5   6
+---+---+   +
  7   8   9
+---+---+---+
```

இதுவரை 11 கோடு விழுந்திருக்கிறது, யாருக்கும் கட்டம் கிடைக்கவில்லை. நீங்கள்தான் தொடங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 12-வது கோடு மருமகளுடையது. இப்போது கட்டம் கொடுக்காமல் போடக்கூடிய கோடுகள் மூன்றே மூன்று: 6-க்கும் 9-க்கும் நடுவில் உள்ள குறுக்குக்கோடு, 6-இன் வலது ஓரம், 9-இன் வலது ஓரம். வேறு எங்கே போட்டாலும் ஏற்கெனவே இரண்டு பக்கம் அடைபட்ட ஒரு கட்டத்துக்கு மூன்றாவது பக்கம் விழுந்துவிடும்.

மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். தெரியாதவர்கள் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு நகர்வார்கள். ஆனால் மொத்த ஆட்டமும் இந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது.

மருமகள் 6-இன் வலது ஓரத்தைப் போடுகிறாள் என்று பார்ப்போம். பாதுகாப்பான கோடு ஒன்றுதான் மிச்சம், 9-இன் வலது ஓரம். அதை நீங்கள் போடுகிறீர்கள். இப்போது மேல் வரிசையில் 1-2-3 ஒரு சங்கிலி. கீழே 4-5-6 போய் வளைந்து 9-8-7 என்று திரும்பும் ஆறு கட்டச் சங்கிலி ஒன்று. ஆக இரண்டு சங்கிலி. 16-உம் 2-உம் 18, இரட்டைப்படை, தொடங்கிய உங்களுக்குச் சாதகம். உண்மையில் 13 கோடு முடிந்து 14-வது அவள் முறை. அவள் திறந்தே ஆகவேண்டும்.

சின்னதைத் திறப்பாள், 1-இன் இடது ஓரத்தைப் போடுவாள். இங்கேதான் நீங்கள் வழக்கமாகச் செய்வதையும் செய்ய வேண்டியதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். வழக்கம்போல 1, 2, 3 மூன்றையும் எடுத்தால் உங்களுக்கு 3. கட்டம் எடுத்தவர் மறுபடி கோடு போடவேண்டும் அல்லவா? பலகையில் மிச்சம் ஆறு கட்டச் சங்கிலி மட்டும். அதை நீங்களே திறந்து கொடுக்கிறீர்கள். அவளுக்கு 6, உங்களுக்கு 3. "எல்லாத்தையும் எடுத்தும் தோத்தேன்" என்பது இதுதான்.

செய்ய வேண்டியது வேறு. 1-க்கும் 2-க்கும் நடுக்கோட்டைப் போட்டு 1-ஐ மட்டும் எடுங்கள். இன்னொரு கோடு போடவேண்டும். அதை 2-க்கும் 3-க்கும் நடுவில் போடாமல் 3-இன் வலது ஓரத்தில் போடுங்கள். இப்போது 2-உம் 3-உம் சேர்ந்து ஒரு மூடிய அறையாக நிற்கும், நடுவில் ஒரு கோடுதான் பாக்கி. உங்களுக்குக் கட்டம் விழாததால் முறை அவளுக்குப் போகும். அவள் அந்த ஒற்றைக் கோட்டைப் போட்டு இரண்டு கட்டத்தையும் ஒரே வீச்சில் எடுப்பாள். எடுத்தவள் மறுபடி போடவேண்டும். மிச்சம் ஆறு கட்டச் சங்கிலிதான். வேறு வழியில்லாமல் திறப்பாள், ஆறும் உங்களுக்கு. 7-க்கு 2. அவள் அந்த இரண்டையும் எடுக்காமல் இருந்தாலும் அவளுக்கு லாபமில்லை. அப்போதும் ஆறு கட்டச் சங்கிலியைத் திறக்கத்தான் வேண்டும், அந்த இரண்டும் உங்களுக்கே வந்து சேரும்.

இந்த விட்டுக்கொடுக்கும் கோடுதான் ஆட்டத்தின் உயிர். ஒவ்வொரு நீண்ட சங்கிலியிலும் கடைசி இரண்டை விட்டு மற்றதை எடுத்துக்கொண்டே வந்தால், அடுத்ததைத் திறக்கும் வேலை எப்போதும் எதிராளிக்குத்தான். கடைசிச் சங்கிலியில் மட்டும் முழுவதையும் எடுக்கலாம். பிடி உங்கள் கையில் இருக்கிறது என்பது இதைத்தான்.

சரி, அந்த 12-வது கோட்டில் மருமகள் என்ன செய்திருக்க வேண்டும்? 6-க்கும் 9-க்கும் நடுவில் குறுக்குக்கோட்டைப் போட்டிருக்க வேண்டும். போட்டால் ஆறு கட்டச் சங்கிலி உருவாகாது, மூன்று வரிசையும் மூன்று தனிச் சங்கிலி ஆகிவிடும். 16-உம் 3-உம் 19, ஒற்றைப்படை, இரண்டாவதாக ஆடும் அவளுக்குச் சாதகம். 12 கோடு முடிந்து 13-வது உங்கள் முறை, பாதுகாப்பான கோடு ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு வரிசையைத் திறக்க, அவள் ஒன்றை எடுத்து இரண்டை விடுவாள். நீங்கள் இரண்டை எடுத்து அடுத்த வரிசையைத் திறக்க, மறுபடி அதே கதை. கடைசி வரிசையில் மூன்றும் அவளுக்கு. கூட்டினால் அவளுக்கு 5, உங்களுக்கு 4. அநேகமாக அவள் உங்களை இப்படித்தான் ஜெயிக்கிறாள்.

உங்கள் பக்கமிருந்து பார்த்தால், ஒரு முறை முன்னாலேயே இதை மறித்திருக்கலாம். 6-இன் வலது ஓரத்தை நீங்களே முந்திப் போட்டிருந்தால் 6-க்கு இரண்டு பக்கம் அடைபட்டிருக்கும். அதன்பிறகு அந்தக் குறுக்குக்கோட்டை அவள் சும்மா போட முடியாது, ஒரு கட்டத்தை உங்களுக்குக் கொடுத்துத்தான் போடவேண்டும். சங்கிலி எண்ணுவது என்பது ஆட்டம் இறுகியபிறகு உட்கார்ந்து எண்ணுவது இல்லை. இந்த இடத்தில் சுவர் விழுந்தால் இரண்டாகும், விழாவிட்டால் ஒன்றாகும் என்று சுவர் விழக்கூடிய இடங்களை முன்கூட்டியே பார்ப்பதுதான். நன்றாக ஆடுபவர்கள் தங்கள் எண்ணிக்கையைக் காப்பாற்ற ஒரு கட்டத்தைத் தாங்களே கொடுத்துக்கூடச் சுவர் எழுப்புவார்கள். ஒன்றைக் கொடுத்து ஆறைத் தடுக்க முடிந்தால் கொடுப்பதுதான் சரி.

புள்ளியை எதற்குக் கூட்டுகிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள். இதைத் தெரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. 16 புள்ளிப் பலகையில் மொத்தம் 24 கோடு. கட்டத்தை மூடும் கோடு முறையை மாற்றாது, மூடாத கோடு மாற்றும். 9 கட்டத்தையும் ஒரு கோட்டுக்கு ஒன்றாக மூடினால் 9 கோடு போய் மிச்சம் 15 கோடு முறையை மாற்றும், ஆக மொத்தம் 16 முறை. புள்ளியும் 16 என்பது தற்செயல் இல்லை, எந்த அளவுப் பலகையிலும் இப்படித்தான் வரும். ஆனால் ஒரே கோடு இரண்டு கட்டத்தை மூடினால், கட்டம் மூடும் கோடுகளில் ஒன்று குறையும், முறைகளில் ஒன்று கூடும். அப்படி இரண்டை மூடும் கோடு எப்போது வருகிறது? நீங்கள் இரண்டை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு தடவையும். அதாவது கடைசிச் சங்கிலி தவிர ஒவ்வொரு நீண்ட சங்கிலிக்கும் ஒன்று. மேலே 7-க்கு 2 என்று முடிந்த ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள், 17 முறை வரும், 17-வது தொடங்கியவருடையது. 5-க்கு 4 ஆட்டத்தில் 18 முறை, கடைசி முறை இரண்டாமவருடையது. கடைசி முறை யாருக்கோ கடைசிச் சங்கிலி அவருக்கு.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். நம்ம பக்கம் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கை போன அளவுக்குப் புள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். தொடங்குமுன் நீளவாக்கில் எத்தனை, அகலவாக்கில் எத்தனை என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஒற்றைப்படையாக இருந்தால்தான் மொத்தப் புள்ளி ஒற்றைப்படை, மற்ற எல்லாப் பலகையும் இரட்டைப்படை. ஆறுக்கு ஆறு, 36 புள்ளி என்றால் தொடங்கியவர் இரட்டை எண்ணிக்கையில் சங்கிலி வரும்படி பார்க்கவேண்டும். ஐந்துக்கு ஐந்து, 25 புள்ளி என்றால் அவருக்கு வேண்டியது ஒற்றை எண்ணிக்கை. ஒரு பலகையில் பழகிய கையோடு இன்னொரு பலகையில் உட்கார்ந்தால் எண்ணிக்கை தலைகீழாகிவிடும், அதைக் கவனிக்காமல் பலர் தோற்கிறார்கள்.

கணக்கு சரியாக இருந்தும் ஆட்டம் கைமாறும் இடம் ஒன்று உண்டு. அது இரண்டு கட்டக் குட்டிச் சங்கிலி. நீண்டவற்றைத் திறக்குமுன் இருவரும் குட்டிச் சங்கிலிகளைத்தான் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டு வருவீர்கள். அப்படிக் கொடுக்கும்போது ஓரக்கோட்டைப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஓரத்தில் போட்டால் எதிராளி இரண்டையும் எடுக்காமல் மறு ஓரத்தை அடைத்துவிட்டு உங்களுக்கே திருப்பித் தரலாம். நீங்கள் ஒரே கோட்டில் இரண்டையும் எடுப்பீர்கள், மறுபடியும் போடவேண்டியது நீங்கள்தான். நீண்ட சங்கிலியைத் திறக்கும் கட்டாயம் இப்படி உங்களிடம் வந்து சேரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் போட்டுக் கொடுங்கள். அப்போது இரண்டு கட்டமும் தனித்தனியாக நிற்கும், திருப்பிக் கொடுக்க அவளுக்கு வழியில்லை. நீங்கள் ஓரத்தில் போட்டே கொடுத்து வந்திருந்தால், இந்த ஒன்றை மாற்றினாலே பாதி ஆட்டம் திரும்பும்.

இன்னொன்று வளையம். கட்டங்கள் வரிசையாகப் போய் ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர்ந்தால் அது சங்கிலி இல்லை, எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. இந்தப் பலகையைப் பாருங்கள்:

```
+---+---+   +
| 1   2 | 3 |
+   +   +   +
| 4   5 | 6 |
+---+---+   +
  7   8   9 |
+---+---+---+
```

1-2-5-4 ஒரு வளையம். 3-6-9-8-7 ஐந்து கட்டச் சங்கிலி. நீண்ட சங்கிலி ஒன்றுதான், 16-உம் 1-உம் 17, இரண்டாமவருக்குச் சாதகம். 14 கோடு விழுந்திருக்கிறது, 15-வது தொடங்கியவர் முறை, கணக்கு ஒத்துப்போகிறது.

ஆனால் வளையத்தில் பிடியை வைத்திருக்க இரண்டு போதாது, நான்கை விடவேண்டும். தொடங்கியவர் 1-க்கும் 2-க்கும் நடுவில் போட்டு வளையத்தைத் திறந்தால், இரண்டாமவர் ஒன்றையும் எடுக்காமல் எதிர்ப்பக்கம் 4-க்கும் 5-க்கும் நடுவில் போடவேண்டும். 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 5-உம் ஒரு ஜோடி. தொடங்கியவர் இரண்டே கோட்டில் நான்கையும் எடுத்துவிட்டு ஐந்து கட்டச் சங்கிலியைத் திறப்பார். முடிவு 5-க்கு 4, இரண்டாமவர் ஜெயிக்கிறார். இங்கே இரண்டை மூடும் கோடு இரண்டு வந்தது, முறைகளும் இரண்டு கூடின, அதனால் ஒற்றை இரட்டை மாறவில்லை. வளையத்தை எண்ணாமல் விடுவதற்குக் காரணம் இதுதான். நான்கு கட்டத்தைச் சும்மா விடுவதா என்று அவர் ஆசைப்பட்டு எடுத்துவிட்டால் ஐந்தைக் கொடுத்து 4-க்கு 5 என்று தோற்பார். மாறாகத் தொடங்கியவர் முதலில் ஐந்து கட்டச் சங்கிலியைத் திறந்திருந்தால் இன்னும் மோசம்: மூன்று போய், இரண்டு திரும்பக் கிடைத்து, பிறகு வளையமும் போய் 2-க்கு 7. ஆகவே பிடி எதிராளியிடம் இருந்து, திறந்தே ஆகவேண்டும் என்று வந்தால், பக்கத்தில் நீளமான சங்கிலி இருக்கும்போது சின்ன வளையத்தை முதலில் திறந்து பாருங்கள், நஷ்டம் குறையும்.

பிடி இருந்தாலே ஜெயம் என்றும் இல்லை. மூன்று கட்டச் சங்கிலியில் பிடி வைத்திருப்பவருக்கு ஒன்று, மற்றவருக்கு இரண்டு. நான்கில் சரிபாதி. ஐந்திலிருந்துதான் லாபம். நான்கு கட்ட வளையமும் மூன்று கட்டச் சங்கிலியும் மட்டும் மிச்சம் இருந்து, எதிராளி வளையத்தைத் திறந்தார் என்றால், நான்கை விட்டுப் பிடியைக் காத்தவருக்குக் கடைசியில் 3-தான் கிடைக்கும், எதிராளிக்கு 4. பிடியை விட்டுவிட்டு நான்கையும் எடுத்தால் 4-க்கு 3 என்று நமக்கு லாபம். இந்த மாதிரி இடத்தில் எடுப்பதே சரி. அதனால் சங்கிலி எண்ணிக்கையை ஆட்டத்தின் நடுவில் பாருங்கள். பாதுகாப்பான கோடுகள் தீர்ந்து எல்லாம் சங்கிலியும் வளையமுமாக நின்றுவிட்டால், அப்போது கட்டங்களை எண்ணி, விட்டால் எவ்வளவு, எடுத்தால் எவ்வளவு என்று இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டைப் போடுங்கள்.